வட்டி விகிதம் யார் கையில்?

தேர்தலுக்கு ஆறு மாதம் இருக்கும்போது வட்டியைக் குறைத்தால் கடன் மலிவாகும், வேலை பெருகும், ஓட்டும் விழும். விலைவாசி ஏறுவது அப்புறம்தான், பெரும்பாலும் வாக்கு எண்ணி முடிந்த பிறகு. அரசியல்வாதிகளின் இந்தச் சபலத்துக்குப் போட்ட கடிவாளம்தான் மத்திய வங்கியின் தன்னாட்சி.

சரி, வலி யாருக்கு? 1979-இல் அமெரிக்க மத்திய வங்கியின் தலைவரான பால் வோல்க்கர், பணவீக்கத்தை அடக்க வட்டியை ஏற்றினார். 1981-இல் வட்டி 19 சதவீதத்தைத் தாண்டியது. பணவீக்கம் பணிந்தது. ஆனால் 1982 இறுதியில் வேலையின்மை 10.8 சதவீதம். கடனில் சிக்கிய விவசாயிகள் டிராக்டர்களோடு வந்து வாஷிங்டனில் வங்கியின் தலைமையகத்தை மறித்தார்கள். வாக்குச்சீட்டால் அவரை நேரடியாக இறக்க அவர்களுக்கு வழியில்லை.

பிரிட்டன் 1997-இல் அதிகாரத்தைப் பிரித்தது: பணவீக்க இலக்கை அரசு சொல்லும், எட்டும் வழியை வங்கி பார்த்துக்கொள்ளும். எனக்கு இது ஓரளவு நியாயமாகப் படுகிறது. இலக்கு தப்பென்றால் யாரைக் கேட்பது என்றாவது தெரியும். ஐரோப்பிய மத்திய வங்கியோ 2 சதவீதம் என்ற இலக்கையும் தானே வரையறுக்கிறது. அதன் சட்ட அடித்தளமான ஒப்பந்தத்தை மாற்ற எல்லா உறுப்பு நாடுகளும் சம்மதிக்க வேண்டும். அது கிட்டத்தட்ட நடக்காத காரியம்.