பல்துறைக் கருத்தரங்கில் அறிமுக உரை: மருந்துக்குத் தப்பி உறங்கும் பாக்டீரியாக்கள்

அவைத்தலைவருக்கும், பேராசிரியர்களுக்கும், பல துறைகளிலிருந்து வந்திருக்கும் ஆய்வு நண்பர்களுக்கும் வணக்கம்.

என் பெயர் கயல்விழி. நுண்ணுயிரியல் துறையில் முனைவர் பட்ட ஆய்வின் மூன்றாம் ஆண்டில் இருக்கிறேன். இளங்கலையில் படித்தது இயற்பியல். முதுகலையில்தான் உயிரியலுக்கு வந்தேன். எல்லாவற்றோடும் ஒட்டாமல் ஓர் அளவீடு விலகி நின்றால், அதைப் பிழை என்று ஒதுக்கும் முன் அது ஏன் விலகி நிற்கிறது என்று கேட்கும் பழக்கம் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் எனக்குப் படிந்தது. இப்போது நான் ஆராய்வதே அப்படி விலகி நிற்கும் செல்களைத்தான்.

ஒரு குடுவையில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் வளர்கின்றன. எல்லாம் ஒரே தாய்ச்செல்லின் வழிவந்தவை. மரபணுவில் அவற்றுக்குள் வேறுபாடு இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். அந்தக் குடுவையில் ஓர் ஆன்டிபயாடிக் மருந்தைப் போதிய அளவில் சேர்க்கிறோம். சில மணி நேரத்தில் ஏறக்குறைய எல்லாம் இறந்துவிடுகின்றன. மிகச் சில மட்டும் பிழைத்துக்கொள்கின்றன. பிழைத்தவற்றை எடுத்துப் புதிய ஊட்டக்கரைசலில் வளர்த்து, அதே மருந்தை மீண்டும் கொடுத்துப் பார்த்தால், அவற்றின் சந்ததியும் முன்புபோலவே மடிகிறது. மீண்டும் மிகச் சில மட்டும் தப்புகின்றன. மருந்தை வெல்லும் திறனை இவை மரபாகப் பெற்றிருந்தால் சந்ததி முழுவதும் பிழைத்திருக்க வேண்டும். அப்படி நடப்பதில்லை.

நாளிதழ்களில் நாம் அடிக்கடி படிக்கும் மருந்து எதிர்ப்புத்திறன் வேறு. அங்கே பாக்டீரியாவின் மரபணு மாறியிருக்கும். மருந்து இருக்கும்போதே அது பெருகும். நான் பேசப்போகும் செல்கள் மருந்தின் நடுவே பெருகுவதில்லை. செயல்பாட்டைக் குறைத்துக்கொண்டு கிடக்கின்றன, மருந்து விலகியதும் விழித்துப் பெருகுகின்றன. பென்சிலின் வகை மருந்துகள் செல்சுவர் கட்டப்படும் வேலையைக் குலைத்துக் கொல்பவை. கட்டுமானமே நடக்காத செல்லில் அந்த மருந்துக்குக் குலைக்க ஒன்றுமில்லை. இவற்றை இன்று 'நீடித்த செல்கள்' என்று குறிப்பிடுவேன்.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. அயர்லாந்தைச் சேர்ந்த நுண்ணுயிரியலாளர் ஜோசப் பிக்கர், பென்சிலினால் ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவை முழுமையாக அழிக்க முடியவில்லை என்பதை 1944-ஆம் ஆண்டிலேயே எழுதினார். பிழைத்தவை உறங்கும் செல்களாக இருக்கலாம் என்று சரியாகவே ஊகித்தார். அதன்பின் பல பத்தாண்டுகள் இந்தக் கேள்வியைத் தொட்டவர்கள் மிகக் குறைவு. 1983-இல் ஹாரிஸ் மோயட், நீடித்த செல்கள் வழக்கத்தைவிடப் பல மடங்கு உருவாகும் ஒரு ஈ. கோலை வகையைப் பிரித்தெடுத்தார். 2004-இல் நத்தாலி பாலபான் குழுவினர் அத்தகைய செல்களை நுண்கால்வாய்களில் வைத்துத் தனித்தனியாகக் கண்காணித்தனர். பிழைக்கப்போகும் செல்கள் மருந்து வருவதற்கு முன்பே மெதுவாக வளர்ந்துகொண்டிருந்தன என்று அவர்கள் காட்டினார்கள். என் துறையில் நான் மிகவும் மதிக்கும் ஆய்வு இதுதான். பாலபான் இயற்பியலாளர் என்பதும் எனக்குத் தனி ஊக்கம்.

ஆபத்து வருவதற்கு முன்பே ஏன் சில உறங்குகின்றன? இங்கே தாவரவியல் நண்பர்களின் துறை எனக்குக் கைகொடுத்தது. பாலைவனத்து ஓராண்டுச் செடிகளின் விதைகள் எல்லாம் முதல் மழையிலேயே முளைப்பதில்லை. எல்லாம் முளைத்து, அடுத்த மழை பொய்த்தால் வம்சமே அழியும். எவ்வளவு பங்கு முளைக்க வேண்டும், எவ்வளவு மண்ணில் காத்திருக்க வேண்டும் என்பதை டான் கோஹன் 1966-இல் கணிதமாக எழுதினார். பொருளியல் நண்பர்களுக்கு இது பழகிய கணக்காகவே தெரியும்: நிச்சயமற்ற எதிர்காலத்தில் முதல் முழுவதையும் ஒரே இடத்தில் போடாதிருப்பது.

என் ஆய்வுக்கேள்வி இதற்கு அடுத்த படியில் இருக்கிறது. உறங்கிய செல் எப்போது விழிக்கிறது? அந்த நேரம் வெறும் தற்செயலா, அல்லது தாய்ச்செல்லிடமிருந்து ஏதோ ஒன்று மகள்செல்லுக்கு வந்து அதைத் தீர்மானிக்கிறதா? ஈ. கோலை செல்லின் நீளம் சுமார் 2 மைக்ரோமீட்டர். நல்ல ஊட்டத்தில் ஏறக்குறைய 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். ஒரு செல் மட்டுமே நுழையும் அகலமுள்ள கால்வாய்களில் அவற்றை வளர்த்து, ஆம்பிசிலின் மருந்தைச் செலுத்தி, பிறகு கழுவி, நுண்ணோக்கியின் கீழ் தொடர்ந்து படம் எடுக்கிறேன். ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு வம்சாவளி கிடைக்கிறது. எது எப்போது விழித்தது, அதன் சகோதரி என்ன ஆனது என்று பின்னோக்கிப் படிக்கலாம். பொறுமையைக் கேட்கும் வேலை. ஆனாலும் பல மணி நேரம் அசையாதிருந்த ஒரு செல் நீளத் தொடங்குவதைக் காணும்போது வரும் மகிழ்ச்சி இன்றுவரை எனக்குக் குறையவில்லை.

என் அறிவின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். நான் மருத்துவர் அல்ல. ஆய்வுக்கூடத்துக் கால்வாயில் நடப்பது நோயாளியின் உடலில் அப்படியே நடக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆயினும் இந்தக் கேள்வி எனக்கு முக்கியமாகப்படுவது நோயாளியால்தான். காசநோய்க்கான வழக்கமான சிகிச்சை ஆறு மாதம்: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், பின் நான்கு மாதம் இரண்டு மருந்துகள். பெரும்பாலான கிருமிகள் முதல் சில வாரங்களிலேயே அழிந்துவிடும். மெதுவாக வளர்ந்துகொண்டோ உறங்கிக்கொண்டோ எஞ்சியிருக்கும் கிருமிகளுக்காகவே அத்தனை மாதங்கள் நீட்ட வேண்டியிருக்கிறது. உடல் தேறிவிட்டது என்று உணர்ந்த ஒருவர், பக்கவிளைவுகளைத் தாங்கிக்கொண்டு மேலும் பல மாதங்கள் மாத்திரை விழுங்க வேண்டும். இடையில் நிறுத்தினால் பழியை அவர்மேல் போடுகிறோம். அது நியாயமில்லை என்பது என் எண்ணம். சிகிச்சை நீள்வதற்குக் காரணம் கிருமியின் இயல்பும் நம் மருந்துகளின் போதாமையும்தான்.

இந்த அரங்கில் எனக்குத் தேவையான உதவிகள் இருக்கின்றன. புள்ளியியல் நண்பர்களே, படப்பதிவு முடியும்வரை விழிக்காத செல்களை நான் எப்படிக் கணக்கில் கொள்வது? அவை இறந்தவையா, இன்னும் உறங்குபவையா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. நோயாளிகளின் உயிர்வாழ்வு ஆய்வுகளுக்காக கப்லனும் மையரும் 1958-இல் வகுத்த முறையை இப்போது பயன்படுத்துகிறேன். இரண்டும் கலந்த கூட்டத்துக்கு அது போதாது என்று தோன்றுகிறது. மெய்யியல் நண்பர்களிடம் ஒன்று கேட்க விரும்புகிறேன்: ஒரே மரபணுவும் ஒரே சூழலும் கொண்ட இரண்டு செல்களில் ஒன்று மட்டும் பிழைத்தால், 'காரணம்' என்று நாம் எதைச் சொல்லலாம்? வரலாற்றுத் துறையினர், பிக்கரின் கட்டுரை இவ்வளவு காலம் கவனிக்கப்படாமல் கிடந்ததற்கு என்ன விளக்கம் தருவீர்கள் என்றும் அறிய ஆவல்.

அடுத்த முப்பது நிமிடத்தில் மூன்று வரைபடங்களையும் ஒரு காணொளியையும் காட்டுவேன். புரியாத சொல் வந்தால் கை உயர்த்துங்கள், அங்கேயே நிறுத்தி விளக்குகிறேன். கருத்து மாறுபாடுகளை இறுதியில் பேசுவோம்; அதற்காகப் பதினைந்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறேன்.

இப்போது திரையில் இருப்பது முதல் வரைபடம். கிடை அச்சில் மருந்து கொடுத்த பின் கழிந்த நேரம். செங்குத்து அச்சில் உயிரோடிருக்கும் செல்களின் எண்ணிக்கை. அந்த அச்சின் ஒவ்வொரு அளவுக்கோடும் அதற்கு மேலுள்ளதில் பத்தில் ஒரு பங்கு. தொடக்கத்தில் வரைகோடு செங்குத்தாக இறங்குகிறது. பிறகு, இந்த இடத்தில் வளைந்து, ஏறக்குறையக் கிடையாக ஓடுகிறது. அந்த வளைவுக்கு வலப்புறம் எஞ்சியிருப்பவற்றிலிருந்து தொடங்குகிறேன்.