குளோசபின் தொடங்கிய மூன்றாவது வாரத்தில் இதயத்தசை அழற்சி: நோயாளியே திருத்திய காலவரிசையுடன் ஒரு நோயர் அறிக்கை

சுருக்கம்

சிகிச்சைக்குக் கட்டுப்படாத மனச்சிதைவு நோய்க்காகக் குளோசபின் தொடங்கப்பட்ட, இருபதுகளின் பிற்பகுதியில் இருந்த ஆண் ஒருவருக்கு 17ஆம் நாளில் இதயத்தசை அழற்சி உறுதியானது. மருந்தை நிறுத்தியபின் இதயச் செயல்பாடு மீண்டது. காய்ச்சலும் வேகமான நாடித்துடிப்பும் மருந்தின் வழக்கமான பக்கவிளைவுகளாகக் கருதப்பட்டதால் மூன்று நாட்கள் வீணாயின. இசைவு பெறும்போது வரைவைப் படித்த நோயாளி, நெஞ்சு அழுத்தம் நாங்கள் எழுதியிருந்த நாளுக்கு இரண்டு நாள் முன்பே தொடங்கியதாகத் தெரிவித்தார்.

முன்னுரை

குளோசபினுக்கு ஈடான மருந்து இந்நோய்க்கு இன்னும் இல்லை. 1975இல் பின்லாந்தில் வெள்ளணுக் குறைவால் நேர்ந்த இறப்புகளுக்குப் பிறகு பல நாடுகளில் விலக்கப்பட்ட இம்மருந்து, கட்டாய இரத்தப் பரிசோதனை என்ற நிபந்தனையோடு திரும்பி வந்தது. அதனால் மருத்துவர்களின் கண் வெள்ளணுக்கள் மீதே பழகிவிட்டது. இதயத்தசை அழற்சி பற்றிய எச்சரிக்கை 1999இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வலுவாக எழுந்தது. அங்கு பதிவாகும் விகிதம் 1 முதல் 3 விழுக்காடு வரை செல்கிறது. பிற நாடுகளில் அது மிகக் குறைவு. தேடுகிற இடத்தில்தான் அது கிடைக்கிறது என்பதே எங்கள் எண்ணம்.

நோயர் விவரம்

இவருக்கு ஏற்கெனவே இரண்டு மனநோய் மருந்துகள் உரிய அளவில், ஒவ்வொன்றும் ஆறு வாரங்களுக்கு மேல் கொடுக்கப்பட்டும் பலனில்லை. கடுஞ்சினத்துக்காகச் சோடியம் வால்ப்ரோயேட் நாளொன்றுக்கு 1000 மி.கி. எடுத்துவந்தார். இதயநோய் வரலாறோ அண்மையில் வந்த சளிக்காய்ச்சலோ இல்லை. குளோசபின் அளவு பரிந்துரைக்கப்பட்ட வரம்புக்குள்தான் உயர்த்தப்பட்டது. ஆனாலும் முதல் 9 நாட்களில் மொத்தம் 737.5 மி.கி. சேர்ந்துவிட்டது.

காலவரிசை

குளோசபினின் முதல் வேளையை நாள் 1 என்று கொள்கிறோம். குருதி எடுத்த நேரத்தையும் முடிவை மருத்துவர் பார்த்த நேரத்தையும் தனித்தனியே குறித்துள்ளோம். தாமதம் பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் இடையில்தான் ஒளிந்திருந்தது.

தொடக்கத்துக்கு முந்தைய நாள்: நாடி 78. உயர் உணர்திறன் ட்ரோபோனின் டி லிட்டருக்கு 5 நானோகிராம் (இயல்பின் மேல்வரம்பு 14). சி-ரியாக்டிவ் புரதம் லிட்டருக்கு 3 மி.கி. எக்கோவில் இடது கீழறையின் வெளியேற்ற விகிதம் 62 விழுக்காடு.

நாள் 1: 12.5 மி.கி.

நாள் 8: அளவு 150 மி.கி. ட்ரோபோனின் 6, சி-ரியாக்டிவ் புரதம் 4.

நாள் 14: அளவு 250 மி.கி. இரவு 38.2 பாகை செல்சியஸ் காய்ச்சல், நாடி 118. பாராசிட்டமால் கொடுக்கப்பட்டது. செவிலியர் குறிப்பில் 'குளோசபின் காய்ச்சலாக இருக்கலாம்' என்று உள்ளது.

நாள் 15: காலை 9 மணிக்கு வாரப் பரிசோதனைக்கான குருதி எடுக்கப்பட்டது. நோயாளி பின்னர் கூறியபடி, நெஞ்சில் அழுத்தம் அன்று மாலை தொடங்கியது. அன்றைய குறிப்பேட்டில் இது இல்லை. இரவு 275 மி.கி. கொடுக்கப்பட்டது.

நாள் 16: முந்தைய நாள் முடிவை மருத்துவர் நண்பகலில் பார்த்தார். ட்ரோபோனின் 11, சி-ரியாக்டிவ் புரதம் 64, ஈசினோஃபில் எண்ணிக்கை இயல்பு. மறுபரிசோதனை மறுநாளைக்கு எழுதப்பட்டது. இரவு 300 மி.கி.; இதுவே கடைசி வேளை.

நாள் 17: நெஞ்சு வலி, மூச்சுத்திணறல். காய்ச்சல் 38.4, நாடி 128, இரத்த அழுத்தம் 94/60. ட்ரோபோனின் 412, சி-ரியாக்டிவ் புரதம் 148. இ.சி.ஜி.யில் பக்கவாட்டு அலைவரிகளில் டி அலை தலைகீழ். வெளியேற்ற விகிதம் 38 விழுக்காடு. குளோசபின் நிறுத்தப்பட்டு, இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றப்பட்டார்.

நாள் 18–20: சி.டி. ஆஞ்சியோகிராமில் இதயத் தமனிகள் இயல்பு. வைரஸ் பரிசோதனைகளில் தொற்று இல்லை. எம்.ஆர்.ஐ.யில் இதயத்தசை வீக்கமும், பக்கச் சுவரின் வெளியடுக்கில் காடோலினியம் தாமதப் படிவும். வால்ப்ரோயேட்டும் நிறுத்தப்பட்டது.

நாள் 21: ஈசினோஃபில் லிட்டருக்கு 190 கோடி, அதாவது உச்சம்.

நாள் 31: ட்ரோபோனின் 9, வெளியேற்ற விகிதம் 48 விழுக்காடு.

நாள் 60: வெளியேற்ற விகிதம் 58 விழுக்காடு.

இதயத்தசைத் திசு எடுத்துப் பார்க்கவில்லை. மருந்தை நிறுத்தியதும் நிலை சீராகி வந்ததால், அதன் ஆபத்தை ஏற்க இதயநோய் மருத்துவர் விரும்பவில்லை. இரத்த அழுத்தம் தேறியபின் பைசோப்ரோலாலும் ராமிப்ரிலும் குறைந்த அளவில் தொடங்கப்பட்டன. மனநோய் அறிகுறிகள் திரும்பியதால் நாள் 24இல் அமிசல்பிரைடு தொடங்கப்பட்டது, பலன் பகுதியளவே.

விவாதம்

நாரன்ஜோ அளவுகோலில் மதிப்பெண் 7. மருந்தே காரணம் என்பதற்கு 'பெரிதும் வாய்ப்புள்ளது' என்ற படி அது. மருந்தைத் திரும்பக் கொடுத்துப் பார்க்காததால் 'உறுதி' என்று எழுத எங்களுக்கு உரிமையில்லை.

ஆஸ்திரேலியாவில் 2011இல் வெளியான கண்காணிப்பு நெறிமுறை, முதல் நான்கு வாரங்களுக்கு வாரந்தோறும் ட்ரோபோனினும் சி-ரியாக்டிவ் புரதமும் பார்க்கச் சொல்கிறது. ட்ரோபோனின் மேல்வரம்பின் இருமடங்கைத் தாண்டினாலோ, சி-ரியாக்டிவ் புரதம் 100ஐக் கடந்தாலோ மருந்தை நிறுத்த வேண்டும். அவ்வளவு உயராவிட்டாலும், சி-ரியாக்டிவ் புரதம் 50 முதல் 100 வரை இருந்தாலோ, நாடி 30க்கு மேல் கூடினாலோ நாள்தோறும் பரிசோதிக்க வேண்டும். எங்கள் நோயாளிக்கு நாள் 14இலேயே நாடி 40 கூடியிருந்தது. வார அட்டவணையைக் கடைப்பிடித்த நாங்கள், அதிலிருந்து எப்போது விலக வேண்டும் என்ற பகுதியைக் கவனிக்கவில்லை.

குளோசபின் தொடங்கிய முதல் வாரங்களில் காய்ச்சலும் வேகமான நாடியும் பெரும்பாலும் தீங்கற்றவையே. ஒவ்வொரு காய்ச்சலுக்கும் மருந்தை நிறுத்தினால் இந்நோயாளிகளின் கடைசி வாய்ப்பும் போய்விடும். அந்த அச்சமே எங்களைக் காத்திருக்க வைத்தது. அன்றே ட்ரோபோனினை மறுபடி பார்ப்பதால் எதுவும் கெட்டுப்போகாது. ஈசினோஃபில்களை நம்பியும் பயனில்லை: ட்ரோபோனின் உச்சத்தில் இருந்தபோது அவை இயல்பாக இருந்தன, நான்கு நாள் கழித்தே உயர்ந்தன.

வால்ப்ரோயேட் சேர்ந்திருப்பதும் முதல் 9 நாட்களின் மொத்த அளவும் ஆபத்தைக் கூட்டுவதாக ஆஸ்திரேலிய ஆய்வுகள் காட்டியுள்ளன. இவருக்கு இரண்டுமே பொருந்தின. இன்று அதே நோயாளி வந்தால் வால்ப்ரோயேட்டை முதலில் விலக்கி, அளவை இன்னும் மெதுவாக உயர்த்துவோம்.

நோயாளியின் பார்வை

"முழங்காலை நெஞ்சில் வைத்து யாரோ அழுத்துவது போல இருந்தது. பல வருடங்களுக்குப் பிறகு அந்த வாரம்தான் குரல்கள் குறைந்திருந்தன. சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களே என்று இரண்டு நாள் சொல்லவில்லை. டாக்டர் எழுதியதில் வலி 17ஆம் நாள் வந்தது என்று இருந்தது. அது சரியில்லை, 15ஆம் நாள் மாலை வந்தது."

இக்கூற்றை நினைவின் அடிப்படையிலானது என்ற குறிப்போடு காலவரிசையில் சேர்த்தோம். குறிப்பேட்டுப் பதிவை மாற்றவில்லை. மருந்து பலனளிக்கத் தொடங்கியதே ஒருவரை வலியை மறைக்கத் தூண்டலாம் என்று எங்களில் யாரும் நினைத்திருக்கவில்லை. இப்போது எங்கள் பிரிவில் 'வலி இருக்கிறதா' என்பதோடு 'மருந்து நின்றுவிடும் என்று எதையாவது சொல்லாமல் வைத்திருக்கிறீர்களா' என்றும் கேட்கிறோம்.

இசைவு

தீவிர சிகிச்சையின்போதோ மனநோய் மீண்ட வாரங்களிலோ இசைவு கேட்கப்படவில்லை. நாள் 68இல், சிகிச்சைக் குழுவில் இல்லாத ஒரு மனநல மருத்துவர், வெளியீடு என்றால் என்ன, அது இணையத்தில் யார் கண்ணிலும் படலாம், மறுத்தாலும் சிகிச்சை மாறாது என்பவற்றை விளக்கி, நோயாளி அவற்றைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்லக் கேட்டு, முடிவெடுக்கும் திறன் உள்ளதாகப் பதிவுசெய்தார். வரைவை வீட்டுக்கு எடுத்துச் சென்று படித்த நோயாளி, ஒரு வாரம் கழித்து எழுத்துவழி இசைவு அளித்தார். வயது தோராயமாகவே தரப்பட்டுள்ளது. தேதிகள் நாள் எண்களாக மாற்றப்பட்டுள்ளன. தொழிலும் ஊரும் நீக்கப்பட்டுள்ளன. தமக்குக் கேட்ட குரல்கள் என்ன பேசின என்ற ஒரு வாக்கியத்தை எடுத்துவிடும்படி அவர் கேட்டார், எடுத்துவிட்டோம். அச்சேறும்வரை இசைவைத் திரும்பப் பெறலாம் என்று அவருக்குத் தெரிவிக்கப்பட்டுள்ளது. கையொப்பமிட்ட படிவம் மருத்துவமனைக் கோப்பில் உள்ளது. அடையாளம் வெளிப்படும் என்பதால் இதழுக்கு அதன் நகல் அனுப்பப்படவில்லை.