ஷிப்மெண்டுக்கு முந்தின நாள்: திருப்பூர் பேக்கிங் செக்ஷனில் இருந்து மேனேஜருக்கு

காலை 9:05
மேனேஜர்: தம்பி, 5,000 பீஸும் பேக்கிங் முடிந்ததா?
நான்: யெஸ் சார். 125 பெட்டி, பெட்டிக்கு 40.

மேனேஜர்: பையர் க்யூசி நாளை 10 மணிக்கு வருகிறார். அதற்கு முன்னால் நம்ம ஆளை வைத்து ஒரு இன்ஸ்பெக்‌ஷன் பார்த்துவிடு.
நான்: ஓகே சார், இப்போதே ஆரம்பிக்கிறோம்.

மேனேஜர்: லாரிக்கு ஈ-வே பில் போடும்போது தூரத்தைச் சரியாகப் போடச் சொல். தூத்துக்குடி 200 கிலோமீட்டரைத் தாண்டும், 2 நாள் வேலிடிட்டி வர வேண்டும்.
நான்: நோட்டட் சார். அக்கவுண்ட்ஸில் சொல்லிவிட்டேன்.

பகல் 12:40
மேனேஜர்: ரிசல்ட் என்ன? ரிப்போர்ட்டில் பாஸ் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பு.
நான்: சார், இதற்கு ஓகே சொல்ல முடியவில்லை, மன்னிக்கவும். ஏக்யூஎல் 2.5-படி 200 பீஸ் எடுத்தோம், மேஜர் தப்பு 10 வரை பாஸ், நமக்கு 11 வந்திருக்கிறது. பதினொன்றும் பாட்டம் ஹெம்மில் ஸ்கிப் ஸ்டிட்ச், பண்டில் சீட்டைப் பார்த்தால் எல்லாமே 6-ம் நம்பர் பிளாட்லாக் மிஷினில் தைத்தவை. மெக்கானிக் பார்த்துவிட்டார், ஊசி வளைந்திருந்தது, மாற்றியாகிவிட்டது. அந்த மிஷின் பீஸ் மொத்தமும் எம் சைஸ், பெட்டி 41-லிருந்து 63 வரை. 920 பீஸையும் பிரித்துப் பார்த்துவிடலாம் சார், ஹெம் மட்டும் என்பதால் 6 செக்கர் உட்கார்ந்தால் சாயந்தரத்துக்குள் முடியும்.

மேனேஜர்: நாளை ஃபெயில் ஆனால் லாரி நிற்கும், கட்-ஆஃப் போய்விடும். சரி, பிரி. ஓவர்டைமுக்கு நான் சொல்கிறேன்.
நான்: ஓகே சார். நன்றி சார்.

மேனேஜர்: ரிப்பேர் செய்த பீஸ் நீடில் டிடெக்டரில் திரும்பப் போக வேண்டும். அந்த பிளாட்லாக் மிஷினில் ஊசி உடைந்திருந்தால் துண்டு கிடைத்ததா என்று ரெஜிஸ்டரில் பார்.
நான்: நோட்டட் சார். ஊசி உடையவில்லை, வளைந்துதான் இருந்தது. பழைய ஊசியை ரெஜிஸ்டரில் ஒட்டி வைத்திருக்கிறோம்.

மாலை 6:20
மேனேஜர்: முடிந்ததா?
நான்: யெஸ் சார். 38 பீஸில் தப்பு இருந்தது. 31 திரும்பத் தைத்து டிடெக்டரில் போட்டாகிவிட்டது. 7 பீஸில் தையலைப் பிரிக்கும்போது ஓட்டை விழுந்துவிட்டது, எக்ஸ்ட்ரா கட்டிங்கில் அதே ஷேடில் எம் இருந்ததால் அதை வைத்தோம். எண்ணிக்கை குறையவில்லை.

மேனேஜர்: மறுபடியும் 200 எடுத்தாயா?
நான்: எடுத்தோம் சார். மேஜர் 3. ரிப்போர்ட்டில் காலையில் வந்த 11-ஐயும் எழுதித்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

மேனேஜர்: அப்படியே இருக்கட்டும். செக்கர் பெண்களுக்கு டீ, பலகாரம் சொல்லு, வீட்டுக்கு வேன் ஏற்பாடு செய்.
நான்: சரிங்க சார், வேன் 7 மணிக்கு வந்துவிடும்.

மேனேஜர்: காலையில் 9:30-க்கு இரு.
நான்: ஓகே சார். 9-க்கே வந்துவிடுகிறேன்.