மணி ஏழு, முள் ஆறு நாற்பது: ஒருநாள் ஊர்ப்பயண வ்லாக் ஸ்கிரிப்ட்

மொத்தம் 6 நிமிடம். எடிட்டில் உட்காரும் நண்பனுக்கான குறிப்புகள் அடைப்புக்குறிக்குள்.

0:00 தொடக்கம்

(திரை கறுப்பு. மணியோசை மட்டும். மூன்றாவது அடிக்குப் படம் திறக்கட்டும்: கோபுரக் கடிகாரத்தின் கிழக்கு முகம், முழு வெயிலில். ட்ரைபாட் கால்கள் நின்ற இடத்தைச் சாக்பீஸால் குறித்துவிட்டேன், மாலையிலும் அங்கேதான் நிற்க வேண்டும்.)

குரல்: மணி ஏழு அடித்துவிட்டது. இந்த முள் மட்டும் இன்னும் ஆறு நாற்பதில் நிற்கிறது. மற்ற மூன்று முகங்களும் சரியாகத்தான் ஓடுகின்றன. இது ஏன் பிந்துகிறது? பஸ் ஏறுவதற்குள் கண்டுபிடித்துவிட வேண்டும்.

0:30 தெருக்கள்

(கட்அவே: பாதி திறந்த ஷட்டர், ஈரத் தரையில் சைக்கிள் நிழல், ஆற்றுப்படியில் காயும் துணி. ஒவ்வொன்றும் 4 விநாடி. இசை வேண்டாம், தெருச் சத்தமே போதும்.)

குரல்: வழியில் கேட்ட எல்லோருமே சிரித்தார்கள். "அது எப்பவும் அப்படித்தான்." இருபது நிமிடத்தைக் கூட்டிப் பார்க்க ஊரே பழகிவிட்டது. சாவி கொடுக்கும் பெரியவர் மதியம் வருவார் என்றார்கள்.

1:50 கோபுரத்துக்குள்

(படத்தின் உயிர் இங்கேதான், அவசரப்படாதே. படியேறும் கால்கள். பெண்டுலத்தின் ஓசை முதலில் வரட்டும், அப்புறம் படம். அறையின் வெறும் ஓசையைத் தனியாக 30 விநாடி பதிந்திருக்கிறேன், வெட்டுகளுக்கு அடியில் அதை ஓடவிடு.)

பெரியவர்: இயந்திரம் ஒண்ணுதான் தம்பி. இதிலிருந்து நாலு தண்டு போய் நாலு முகத்தையும் சுத்துது. மணி அடிக்கிறதும் இதேதான்.

நான்: அப்போ கிழக்குப் பக்கம் மட்டும் ஏங்க ஐயா?

பெரியவர்: அந்தத் தண்டோட இணைப்பு தளர்ந்து வழுக்குது. இன்னிக்கு முறுக்கப் போறேன், பிடிச்சுக்கிறீங்களா?

(கட்அவே: எண்ணெய் படிந்த விரல்கள், ஸ்பேனரின் கால் சுற்று, மெல்ல மேலேறும் எடைக்கல். என் குரல் இங்கே வரவே கூடாது. ஒரு நிமிடம் அவர் கைகள் மட்டும்.)

4:20 ஆற்றங்கரை

(நடக்கும் ஷாட் ஒன்று, பாலத்தின் அகல ஷாட் ஒன்று. இதற்கு மேல் நீட்டாதே.)

குரல்: கையில் எண்ணெய் வாடை போகவில்லை. ஆற்றில் கழுவியும் பார்த்தேன். ஆறு மணிக்குள் கோபுரத்தடிக்குத் திரும்ப வேண்டும்.

5:10 முடிவு

(சாக்பீஸ் குறி, அதே லென்ஸ், அதே ஃப்ரேம். இப்போது கிழக்கு முகம் நிழலில் இருக்கும். நிறத்தைக் காலையோடு ஒப்பாக்காதே, பகல் கழிந்தது தெரிய வேண்டும்.)

குரல்: பஸ் ஆறு பத்துக்கு. ஐந்து ஐம்பத்தெட்டு... ஐம்பத்தொன்பது...

(முதல் அடி விழும்போது பெரிய முள் பன்னிரண்டில். ஆறு அடியும் முழுதாகக் கேட்கட்டும். அந்த ஷாட்டை வெட்டாதே. கடைசி அடியின் அதிர்வு அடங்கியதும் கறுப்பு.)