நேரமும் இடமும் மாற்றம்: ஜூன் 12 வெள்ளி, பிற்பகல் 2.30, காவேரிப்பட்டணம் – மாங்காய்க் கொள்முதல் கூட்டம்

புதிய நேரம்: 2026 ஜூன் 12, வெள்ளிக்கிழமை, பிற்பகல் 2.30 முதல் 4.30 வரை
புதிய இடம்: நமது கொள்முதல் நிலையக் கிடங்கு, காவேரிப்பட்டணம்

ரத்தானது: ஜூன் 11 வியாழன், காலை 10.30, கிருஷ்ணகிரி அலுவலகம். வியாழனன்று அங்கே கூட்டம் கிடையாது, அலுவலகமும் பூட்டியிருக்கும்.

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

வியாழன் காலையில் போச்சம்பள்ளி, பர்கூர் பக்கத்துத் தோப்புகளில் லாரி ஏற்றுகிறார்கள். காய் கொடுப்பவர்களே வர முடியாத நாளில் விலையைப் பேசுவது முறையல்ல. அதனால் நாளை மாற்றினோம். இடத்தை மாற்றியதற்குக் காரணம் எடைமேடை. கூழ் ஆலைக்குப் போகும் பெங்களூரா மாங்காயில் கழிவு என்று எவ்வளவு பிடிக்கிறார்கள் என்பதுதான் இந்த ஆண்டின் பெரிய மனக்குறை. அதை அலுவலக மேசையில் உட்கார்ந்து தீர்க்க முடியாது. காவேரிப்பட்டணத்தில் ஒரு லோடை எல்லோர் முன்னிலையிலும் பிரித்து, அடிபட்டது, அழுகல், பிஞ்சு என்று தனித்தனியாக எடைபோட்டுப் பார்ப்போம். ஆலைத் தரப்பினரும் வருவதாக உறுதி சொல்லியிருக்கிறார்கள். சென்ற முறை எடைச்சீட்டு வாங்கியவர்கள் அதை மறக்காமல் கொண்டுவாருங்கள். பேச்சைவிட அந்தச் சீட்டுக்குத்தான் வலு அதிகம்.

தனியாகப் புது அழைப்பு அனுப்பவில்லை. முன்பு வந்த அதே அழைப்பைத்தான் திருத்தியிருக்கிறோம். ஆகவே உங்கள் நாட்காட்டியில் வியாழன் காலியாகி, வெள்ளியில் இந்தக் கூட்டம் தெரிய வேண்டும். இரண்டு நாளிலும் தெரிந்தால், வியாழனில் இருப்பது நீங்களே குறித்துவைத்ததாக இருக்கும், அதை நீக்கிவிடுங்கள். அலாரம் வைத்திருந்தால் அதையும் மாற்றுங்கள்.

முன்பு ‘ஆம்’ என்று பதில் தந்தவர்களும் மறுபடி ஒருமுறை ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ அழுத்த வேண்டுகிறோம். பழைய பதில் பழைய நாளுக்கானது. அதை வெள்ளிக்கிழமைக்கான சம்மதமாக எடுத்துக்கொள்ள மாட்டோம். புதன் மாலைவரை பதில் வராதவர்களைத் தொலைபேசியில் அழைப்போம். பக்கத்துத் தோப்புக்காரர் ஸ்மார்ட்போன் வைத்திருக்காவிட்டால் அவரிடம் நேரில் சொல்லிவிடுங்கள். இது பெரிய உதவி.

பஸ்ஸில் வருபவர்கள், காவேரிப்பட்டணம் ஊருக்குள் போகுமா என்று கேட்டு ஏறுங்கள். பைபாஸிலேயே போய்விடும் வண்டிகளும் உண்டு. ஓசூர் பக்கமிருந்து காரில் வருபவர்கள் கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் நிற்கும் நேரத்தையும் கணக்கிட்டுப் புறப்படுங்கள். 2.30க்கே லோடைப் பிரிக்கத் தொடங்கிவிடுவோம். பிரித்த பிறகு வந்தால் பார்க்க வேண்டியதைப் பார்க்க முடியாது. அழைப்பில் இருந்த பழைய வரைபட இணைப்பை நீக்கிக் கிடங்கின் இணைப்பைச் சேர்த்திருக்கிறோம். முந்தைய மின்னஞ்சலில் உள்ள இணைப்பைத் தொட்டால் கிருஷ்ணகிரிக்குத்தான் வழிகாட்டும்.

வெள்ளியன்று வர இயலாதவர்கள், தங்கள் எடைச்சீட்டின் படத்தை இந்த அழைப்புக்கான பதிலுடன் அனுப்பிவிடுங்கள். கூட்டத்தில் உங்கள் சார்பில் அதை வைத்துப் பேசுகிறோம்.

செயலாளர்