செல்விக்கு அப்பா எழுதுவது

வலங்கைமான்,
கார்த்திகை 20

அன்புள்ள செல்விக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். போனில் என் தையல் கடையைப் பற்றிப் பேசினால் நீ அழுகிறாய், நான் கத்திவிடுகிறேன். அதனால்தான் கடிதம். கையெழுத்து கோணலாக இருக்கும். பேனாவில் துணியைச் சுற்றித் தடிமனாக்கி, மூன்று நாளாக எழுதுகிறேன்.

கை முடியவில்லை, கடையை மூடு என்கிறாய். தீபாவளிக்கு முன்னால் நானே அப்படித்தான் நினைத்தேன். ஒரு அம்மாவின் பட்டு ரவிக்கைக்குக் கழுத்து வெட்டும்போது விரல் மடங்காமல் கத்தரிக்கோல் அரை இஞ்ச் உள்ளே போய்விட்டது. புதுத் துணி வாங்கிக் கொடுத்தேன், 850 ரூபாய். அவர் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் ராத்திரி தூக்கமில்லை.

அப்புறம் ஒவ்வொன்றாக மாற்றினேன். குடமுருட்டி ஆற்றுப் பக்கமிருந்து பனி இறங்கும் இந்த நாளில் காலையில் கை கட்டை மாதிரி இருக்கிறது. வெந்நீரில் பத்து நிமிஷம் வைத்துத்தான் கடைக்குப் போகிறேன். பதினொரு மணிக்கு முன்னால் கத்தரிக்கோலைத் தொடுவதில்லை. அதுவரை அளவு எடுப்பது, அயர்ன் பண்ணுவது.

பெரிய கத்தரிக்கோலைப் பெட்டியில் போட்டுவிட்டேன். சின்னதன் பிடியில் சைக்கிள் ட்யூபைச் சுற்றியிருக்கிறேன். முன்பு தூக்கிப் பிடித்து வெட்டுவேன். இப்போது கீழ்த் தகடு மேசையில் படிந்தபடியே நகர்கிறது, கனத்தை மேசை வாங்கிக்கொள்கிறது. குண்டூசி குத்த வரவில்லை. மளிகைக் கடைக்காரர் தூக்கிப்போட வைத்திருந்த தராசுப் படிக்கற்களை வாங்கி வந்து துணி மேல் வைக்கிறேன். ஊசி குத்துவதைவிட அதுவே வேகம். வெட்கமாக இருக்கிறது, இத்தனை வருஷம் தெரியவில்லையே!

மிஷினுக்கு மோட்டார் போட்டாயிற்று. கால் நன்றாகத்தானே இருக்கிறது என்று கேட்பாய். மிதி மிஷினை ஒவ்வொரு தடவை கிளப்பும்போதும் வலது கையால் சக்கரத்தைச் சுற்றிவிட வேண்டும். அந்த ஒரு சுற்றுதான் மணிக்கட்டைக் கொன்றது. நூல் மாற்றும்போது பழைய நூலின் நுனியில் புதியதை முடிச்சுப் போட்டு இழுத்துவிடுகிறேன். ஊசிக் காதில் கோர்ப்பது மட்டும் பக்கத்து வீட்டுப் பையன், பள்ளிக்கூடம் போகும் முன். கூலி ஒரு கடலை மிட்டாய்.

காஜாவும் ஹூக்கும் இனி என்னால் ஆகாது. காஜாவுக்குக் கும்பகோணம் அனுப்புகிறேன், ஹூக் எதிர்வீட்டு அக்கா வைக்கிறார். அதனால் லாபம் குறைவுதான். பட்டு ரவிக்கை எடுப்பதில்லை. நைட்டி, பாவாடை, யூனிஃபார்ம், ஆல்டரேஷன் போதும்.

டாக்டர் சொன்ன மாத்திரையை விடவில்லை, அம்மாவிடம் கேட்டுக்கொள்.

பொங்கலுக்கு வரும்போது பேரனின் சட்டை ஒன்றை அளவுக்கு எடுத்து வா. காஜா இல்லாத ஜிப்பாவாகத் தைத்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா