அக்காவின் முகப்படம்: வெளிர் சாம்பல் பின்னணி, மென்மையான சீரான வெளிச்சம்

இத்துடன் நான்கு படங்களை இணைத்திருக்கிறேன். நான்கிலும் இருப்பவர் என் அக்கா. இவற்றை வைத்து அவருடைய தலையும் தோளும் மட்டும் தெரிகிற, அலுவலக உபயோகத்துக்கான ஒரு புகைப்படம் வேண்டும். பின்னணி வெறும் வெளிர் சாம்பல் நிறம். வெளிச்சம் மென்மையாக, முகம் முழுக்கச் சீராக விழ வேண்டும். நல்ல கேமராவில் எடுத்த நிஜப் படம் போல இருக்க வேண்டும். ஓவியம் போலவோ விளம்பர மாடல் போலவோ வேண்டாம்.

அக்காவுக்கு 47 வயது. கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை பேக்டரியில் 22 வருடமாக வேலை பார்க்கிறார். சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கி டீத்தூள் ஆக்கும் பேக்டரி அது. இலை வந்து இறங்குவதில் இருந்து வாடல், ரோலிங், உலர்த்தல் வரை தரம் பார்ப்பது அவர் பொறுப்பு. தினமும் காலையில் வரிசையாக டீ ஊற்றி வைத்து ருசி பார்ப்பதும் அவர்தான். இந்தப் படம் பேக்டரியின் இணையப் பக்கத்துக்கும், அவருடைய விசிட்டிங் கார்டுக்கும், கொழுந்து பறிக்கும் பயிற்சிக்கான நோட்டீசுக்கும் போகிறது. அந்த நோட்டீசைப் பார்க்கப் போகிறவர்கள் அவரை வாரத்துக்கு மூன்று முறை நேரில் பார்க்கிறவர்கள். பார்த்த உடனே "இது நம்ம அக்கா" என்று அவர்களுக்குத் தோன்ற வேண்டும். கீழே நான் எழுதியிருக்கும் எல்லாவற்றையும் விட இதுதான் முக்கியம்.

இணைத்த படங்களை இப்படி எடுத்துக்கொள்ள வேண்டும். `akka_1.jpg` வீட்டுத் திண்ணைக்கு வெளியே, மூடுபனி நாளில், நேராகப் பார்த்து எடுத்தது. முக அமைப்புக்கு இதையே முதலில் பார்க்க வேண்டும். `akka_2.jpg` படத்தில் தாடைக்குக் கீழே ஒரு வெள்ளைக் காகிதம் பிடித்திருக்கிறார். அது வேண்டுமென்றே செய்தது. பனி வெளிச்சத்தில் எல்லாமே கொஞ்சம் நீலமாகத் தெரியும். அந்தக் காகிதம் வெறும் வெள்ளையாகத் தெரியும் அளவுக்கு நிறத்தைச் சரிசெய்தால், பக்கத்தில் இருக்கும் தோலின் நிறம் சரியாக வந்துவிடும். தோல் நிறத்துக்கு இந்தப் படம்தான் அளவுகோல். `akka_3.jpg` செல்ஃபி. கண்ணாடியில் தெரிவது போல இடம் வலம் மாறியிருக்கிறது. சிரிப்புக்கு மட்டும் அதைப் பார்க்கலாம், மற்றதற்கு வேண்டாம். `akka_4.jpg` பக்கவாட்டில் எடுத்தது, மூக்கும் தாடையும் தெரிவதற்காக.

இடம் வலம் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். மூக்குத்தி அக்காவின் வலது மூக்கில் இருக்கிறது. படத்தைப் பார்க்கிறவருக்கு அது இடது பக்கம். இடது புருவத்தின் நுனியில் சின்னதாக ஒரு தழும்பு. பார்க்கிறவருக்கு வலது பக்கம். இவை இரண்டும் மாறாமல் இருக்க வேண்டும். இதற்கு முன் ஒரு முறை முயன்றபோது மூக்குத்தி பக்கம் மாறி வந்தது. அக்கா பார்த்த உடனே, "இது யாருடா?" என்றார்.

இனி வெளிச்சம். எங்கள் ஊரில் மூடுபனி இறங்கிய காலையில் நிழலே விழாது. சூரியன் ஒரு புள்ளியாக இல்லாமல் வானம் முழுக்கப் பரவிவிடுவதால், வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் வருகிறது. அந்த மென்மைதான் வேண்டும். ஆனால் திண்ணைக்கு வெளியே நின்றால் அந்த வெளிச்சம் மேலிருந்து இறங்கி, கண்குழியில் ஒரு இருட்டை விட்டுவிடும். `akka_1.jpg` படத்தில் அது தெரியும். அந்த இருட்டு வேண்டாம். அதனால் மூடுபனியின் வெளிச்சத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தது போல யோசிக்க வேண்டும். நாலடி அகலமுள்ள ஒரு பெரிய ஜன்னல், அதற்கு வெளியே வெண்பனி. அக்கா ஜன்னலில் இருந்து மூன்றடி தள்ளி உட்கார்ந்திருக்கிறார். ஜன்னல் அவருக்கு முன்னால், இடது கைப் பக்கமாகக் கொஞ்சம் ஒதுங்கி, கண் மட்டத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. வலது கைப் பக்கம், படச் சட்டத்துக்கு வெளியே, ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பலகை நிற்கிறது. ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி வலது கன்னத்தை நிரப்புகிறது.

சீரான வெளிச்சம் என்பதற்காக முகம் தட்டையாகிவிடக் கூடாது. ஜன்னல் பக்கக் கன்னத்தை விட மறுபக்கக் கன்னம் அரை ஸ்டாப் அளவுக்கு மங்கலாக இருந்தால் போதும். மூக்கின் ஓரத்தில் கூர்மையான கோடாக நிழல் விழக் கூடாது, ஆனால் மூக்கின் வடிவம் தெரிய வேண்டும். தாடைக்குக் கீழே மெல்லிய நிழல் இருக்கட்டும். அது இல்லாவிட்டால் முகமும் கழுத்தும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். இரண்டு கண்ணிலும் கருமணியின் மேல்பகுதியில் ஜன்னலின் சாயல் ஒன்று மட்டும் தெரிய வேண்டும். வட்ட விளக்கின் வளையம் வேண்டாம். நெற்றியிலும் மூக்கு நுனியிலும் எண்ணெய் பூசியது போன்ற வெள்ளைப் பளபளப்பும் வேண்டாம்.

தோல். அக்கா நல்ல கருப்பு. அதை ஒரு துளிகூட வெளுப்பாக்க வேண்டாம். போன வருடம் ஒரு ஸ்டூடியோவில் எடுத்த படத்தில் அவரை இரண்டு மூன்று மடங்கு சிவப்பாக்கிக் கொடுத்தார்கள். அக்கா அதைக் கவரை விட்டே எடுக்காமல் பீரோவுக்குள் வைத்துவிட்டார். வெளிச்சத்தின் அளவை அவர் தோலை வைத்துத் தீர்மானிக்க வேண்டும், பின்னணியை வைத்து அல்ல. கருத்த தோலில் வெளிச்சம் சரியாக விழும்போது கன்ன மேட்டில் ஒரு செம்பழுப்புச் சூடு தெரியும். `akka_2.jpg` படத்தில் அது இருக்கிறது. அது போய்ச் சாம்பல் பூத்தது போல ஆகிவிடக் கூடாது, மஞ்சளாகவும் திரும்பக் கூடாது.

இரண்டு கன்னத்திலும் மங்கு இருக்கிறது. குளிர்காலத்தில் உறைபனி விழும் காலையிலும் பேக்டரிக்கு நடந்தே போகிறவர், பத்து மணிக்கு மேல் மலை வெயில் வேறு. அந்த மங்கு அப்படியே இருக்கட்டும். கண் ஓரத்துச் சுருக்கம், மேலுதட்டுக்கு மேல் உள்ள மச்சம், காதோரத்து நரை எல்லாம் இருக்க வேண்டும். தோலின் நுண்துளைகள் தெரிய வேண்டும், மெழுகு போல வழவழப்பாக்க வேண்டாம். முகத்தை ஒல்லியாக்குவது, கண்ணைப் பெரிதாக்குவது, உதட்டுச்சாயம் பூசுவது எதுவும் வேண்டாம். படம் எடுத்த அன்று மூக்கின் பக்கத்தில் ஒரு பரு இருந்தது. அது நாலு நாளில் போய்விட்டது, அதை மட்டும் எடுத்துவிடலாம்.

பின்னணியில் எதுவும் இருக்கக் கூடாது. கோத்தகிரி, தேயிலை என்ற சொற்கள் மேலே வந்திருப்பதால் பச்சைச் சரிவும் சில்வர் ஓக் மரமும் முதுகில் கூடையும் போடத் தோன்றலாம். அவை ஒன்றும் வேண்டாம். அவருடைய வேலையைச் சொல்ல அவர் முகம் போதும். ஒரே நிறமான, நீலமோ மஞ்சளோ சாயாத வெளிர் சாம்பல் சுவர், அவருக்கு ஆறடி பின்னால். சுவரின் சொரசொரப்பு தெரியக் கூடாது. சுவரில் அவருடைய நிழல் விழக் கூடாது. ஓரங்களுக்குப் போகப் போகக் கொஞ்சம் மங்கினால் பரவாயில்லை. வெள்ளைப் பின்னணி வேண்டாம், அதன் முன்னால் அவர் முகம் இன்னும் இருண்டு தெரியும். அடர்ந்த சாம்பலும் வேண்டாம், கருங்கூந்தல் அதில் கரைந்துபோகும். தலைமுடியின் ஓரம் கத்தரியால் வெட்டி ஒட்டியது போல இல்லாமல், பிசிறாக நிற்கும் இரண்டொரு முடியோடு இயல்பாக இருக்க வேண்டும்.

உடை: கரும்பச்சைப் பருத்திப் புடவை, மெல்லிய அரக்கு நிறக் கரை, அதே அரக்கில் ரவிக்கை. அதன் மேல் முன்பக்கம் திறந்த அடர் சாம்பல் கம்பளி ஸ்வெட்டர். தொழில்முறைப் படம் என்றதும் கோட்டும் காலர் சட்டையும் போட்டுவிட வேண்டாம். இந்த மலையில் அலுவலகம் போகிற பெண்கள் புடவைக்கு மேல் ஸ்வெட்டர்தான் போடுகிறார்கள். வருகிறவர்கள் அவரை அப்படித்தான் பார்த்திருக்கிறார்கள். ஸ்வெட்டரின் பின்னல் தெரியட்டும், ஆனால் நூல் பிரிந்து பழசாகத் தெரிய வேண்டாம். காதில் சின்னக் கல் தோடு, கழுத்தில் மெல்லிய ஒற்றைச் சங்கிலி, நெற்றியில் சிறிய அரக்குப் பொட்டு. தலையை நடுவகிடு எடுத்துப் பின்னால் கொண்டையாகக் கட்டியிருக்கிறார். பூ வேண்டாம்.

முகபாவம் பற்றிக் கொஞ்சம் யோசித்துத்தான் எழுதுகிறேன். டீயை ருசி பார்க்கும்போது அவர் கரண்டியில் எடுத்துச் சத்தமாக உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, துப்பிவிட்டு, ஒரு கணம் ஒன்றும் பேசாமல் நிற்பார். அந்த ஒரு கணத்தில் கண் விழிப்பாக இருக்கும், நெற்றி சுருங்காது, உதடு மூடியிருக்கும். டீ நன்றாக வந்திருந்தால் உதட்டின் ஓரம் லேசாக மேலே போகும். எனக்கு வேண்டியது அந்த முகம். பல் தெரியச் சிரிக்க வேண்டாம். பார்வை நேராகக் கேமராவை நோக்கி. உடல் அவருடைய வலப்பக்கம் சற்றுத் திரும்பி, முகம் முன்னால். தோள்கள் தளர்வாக, முதுகு நேராக. கைகள் சட்டத்துக்குள் வர வேண்டாம்.

செல்போனைக் கைநீட்டும் தூரத்தில் பிடித்து எடுத்ததால் `akka_3.jpg` படத்தில் மூக்கு பெரிதாகவும் காதுகள் பின்னுக்கும் போயிருக்கின்றன. அந்த விகிதத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது. முழு அளவு சென்சார் உள்ள கேமராவில் 85 மி.மீ. லென்ஸ் போட்டு, கண் மட்டத்தில், ஆறடி தூரத்தில் நின்று எடுத்தால் முகம் எப்படி இருக்குமோ அப்படி. அப்பர்ச்சர் f/5.6 அளவில், மூக்கு நுனி முதல் காது வரை தெளிவாக இருக்கட்டும். ஒரு கண் மட்டும் தெளிந்து மற்றதெல்லாம் கலங்கிப்போவது இந்த வேலைக்கு ஆகாது.

செங்குத்துப் படம். கண்கள் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் வரட்டும், தலைக்கு மேல் கொஞ்சம் இடம் இருக்கட்டும், கீழே மார்பின் மேல்பகுதியோடு முடியட்டும். இணையப் பக்கத்தில் இதையே வட்டமாக வெட்டுவார்கள், அப்போது கொண்டையும் தோளும் அறுபடாத அளவுக்கு இரண்டு பக்கமும் இடம் விட வேண்டும். எழுத்து, முத்திரை, சட்டக்கோடு எதுவும் படத்தில் வேண்டாம்.

```
4:5, 2400 x 3000 px, sRGB, JPEG
background: #BDBDBD
```

முதலில் ஒரே ஒரு படம் போதும். மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்ய முடியாமல் போனால், முகத்தை `akka_1.jpg` படத்தில் உள்ளபடியே விட்டுவிட்டு, பின்னணியை மட்டும் சாம்பலாக்கி, கண்ணுக்குக் கீழே உள்ள இருட்டை மட்டும் குறைத்துத் தர வேண்டும். ஸ்வெட்டர் நிறம் மாறினால்கூட ஏற்றுக்கொள்வேன். முகம் மாறக் கூடாது.